ஈரிணைய அமீன் தயாரிப்பு: ஒரே ஆல்கைல் தொகுதியோடு நிறுத்துவது எப்படி

"பியூட்டைல் அமீனிலிருந்து N-பென்சைல் பியூட்டைல் அமீனைத் தயாரிக்கும் வழியை எழுதுக." கரிம வேதியியல் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தால் பெரும்பாலான விடைத்தாள்களில் இருப்பது ஒரே வரிதான். பியூட்டைல் அமீன், மேலே அம்புக்குறியில் பென்சைல் புரோமைடு, வலப்பக்கம் கேட்ட பொருள். தாளில் அழகாக இருக்கும். குடுவையில் அப்படி நடக்காது. ஆல்டிஹைடோடு இமீன் செய்து அதை ஒடுக்கும் வழி ஏன் நல்லது என்று கேட்டால், "அதிக ஆல்கைல் ஏற்றம் நடக்காது" என்று மனப்பாடமாகப் பதில் வரும். ஏன் நடக்காது என்று அடுத்து கேட்டால் பலர் நின்றுவிடுகிறார்கள்.

இந்த ஒரு மூலக்கூறையே கடைசி வரை எடுத்துக்கொள்கிறேன். முதலில் விடையை எழுதும் வரிசை, அப்புறம் அதே வினையை ஆய்வகத்தில் செய்யும் வரிசை.

## 1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஓரிணைய அமீனில் நைட்ரஜன் மேல் இரண்டு ஹைட்ரஜன், ஈரிணைய அமீனில் ஒன்று, மூவிணைய அமீனில் ஒன்றும் இல்லை. மூன்றிலும் நைட்ரஜன் மேல் ஒரு தனி இணை எலக்ட்ரான் இருக்கிறது. இந்தக் கடைசி வரியை மறப்பதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன. ஹைட்ரஜன் தீர்ந்துபோனாலும் தனி இணை தீராது. அதனால்தான் மூவிணைய அமீன் கூட இன்னொரு ஹாலைடைத் தாக்கி நான்கிணைய அம்மோனியம் உப்பாகிறது.

SN2 வினையின் அம்புக்குறிகளும், கார்பனைல் தொகுதியில் கருக்கவர் பொருள் சேரும் முறையும் தெரிந்திருந்தால் போதும்.

## 2. எந்த C–N பிணைப்பை வெட்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விடையை விளைபொருளிலிருந்து பின்னோக்கி எழுதத் தொடங்குங்கள். நம் மூலக்கூறில் நைட்ரஜனுக்கு இரண்டு பக்கமும் ஒரு CH2 இருக்கிறது. ஒரு பக்கம் பென்சைல், மறுபக்கம் பியூட்டைல். இமீன் வழியில் ஏதோ ஒரு பக்கத்து CH2, முன்பு ஆல்டிஹைடின் CHO ஆக இருந்திருக்க வேண்டும். ஆக, பென்சால்டிஹைடும் பியூட்டைல் அமீனும் ஒரு ஜோடி. பியூட்டிரால்டிஹைடும் பென்சைல் அமீனும் இன்னொரு ஜோடி.

கேள்வியில் பியூட்டைல் அமீன் கொடுக்கப்பட்டிருப்பதால் முதல் ஜோடிதான் சரி. கொடுக்காமல் இருந்தாலும் நான் அதையே எடுப்பேன். பென்சால்டிஹைடில் கார்பனைலுக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் இல்லை. அதனால் ஆல்டால் வினைக்கு இடமில்லை, இமீன் ஈனமீனாக மாறவும் வழியில்லை. கிடைக்கும் C=N பிணைப்பு பென்சீன் வளையத்தோடு இணைந்து நிற்பதால் இமீன் ஓரளவு நிலையாகவும் இருக்கும். பியூட்டிரால்டிஹைடோ அமீனைக் கண்டதும் தனக்குத்தானே ஆல்டால் வினையில் இறங்கக்கூடிய ஆல்டிஹைடு.

இந்தத் தேர்வுக்கான காரணத்தை விடையில் ஒரு வரி எழுதுங்கள். மதிப்பெண் பெரும்பாலும் அந்த வரிக்குத்தான் கிடைக்கும்.

## 3. நேரடி வழி எங்கே உடைகிறது என்று எழுதிக் காட்டுங்கள்

பியூட்டைல் அமீனும் பென்சைல் புரோமைடும் மோலுக்கு மோல் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நைட்ரஜனின் தனி இணை CH2 கார்பனைத் தாக்குகிறது, புரோமைடு வெளியேறுகிறது. முதலில் கிடைப்பது அமீன் அல்ல, அம்மோனியம் உப்பு. அதன் ஒரு புரோட்டானை இன்னொரு அமீன் எடுத்துக்கொண்டால்தான் ஈரிணைய அமீன் வெளியே வரும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தப் புரோட்டானை யார் எடுப்பார்கள்? குடுவையில் எது வலுவான காரமோ அதுதான். பியூட்டைல் அமீனின் இணை அமிலத்துக்கு pKa ஏறக்குறைய 10.6, பென்சைல் அமீனின் இணை அமிலத்துக்கு 9.3. பென்சைல் தொகுதி ஏறினால் நைட்ரஜனின் காரத்தன்மை குறையும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஆக, புரோட்டானைப் பெரும்பாலும் பியூட்டைல் அமீனே வாங்கிக்கொண்டு உப்பாகி முடங்குகிறது. நாம் செய்த ஈரிணைய அமீன், தனி இணையோடு வினைக்குத் தயாராக நிற்கிறது. அடுத்த பென்சைல் புரோமைடு மூலக்கூறு யாரைச் சந்திக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

"ஈரிணைய அமீன் மிக வலுவான கருக்கவர் பொருள், அதனால்தான் வினை நிற்பதில்லை" என்று பலர் எழுதுகிறார்கள். இது மிகைப்படுத்தல். நீரில் மெத்தில் அமீனின் இணை அமிலத்துக்கு pKa 10.6, டைமெத்தில் அமீனுக்கு 10.7. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வினை கட்டுமீறிப் போக, விளைபொருள் மிக வலுவாக இருக்க வேண்டியதில்லை. தொடக்கப் பொருளுக்கு நிகராக இருந்தாலே போதும்.

எவ்வளவு கெடும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு படிகளும் ஒரே வேகத்தில் நடக்கின்றன, நான்கிணைய உப்பு உருவாகவில்லை, புரோட்டானை வாங்கிக்கொள்ளப் போதிய காரம் தனியே இருக்கிறது என்று கொள்வோம். மோலுக்கு மோல் சேர்த்து ஹாலைடு முழுதும் தீர்ந்த பிறகு குடுவையில் இருப்பது இதுதான்: தொடக்க அமீன் 32 சதவீதம், ஈரிணைய அமீன் 36 சதவீதம், மூவிணைய அமீன் 32 சதவீதம். ஏறக்குறைய மூன்று சம பங்கு. ஈரிணைய அமீன் தொடக்க அமீனைவிட வேகமாக வினைபுரிந்தால் நடுவில் உள்ள 36 இன்னும் சுருங்கும்.

இந்தக் கலவையைப் பிரிப்பதும் எளிதல்ல. அமிலத்தால் கழுவி, பிறகு காரமாக்கி எடுக்கும் வழக்கமான முறை இங்கே உதவாது. மூன்றுமே காரங்கள். மூன்றும் சேர்ந்தே அமில நீருக்குள் போகும், சேர்ந்தே திரும்பி வரும். காய்ச்சி வடித்தோ நிரலில் ஏற்றியோதான் பிரிக்க வேண்டும்.

## 4. காரம் சேர்ப்பது தீர்வல்ல, அமீனை மிகையாக எடுப்பது பாதித் தீர்வு

"பொட்டாசியம் கார்பனேட் சேர்த்தால் அதிக ஆல்கைல் ஏற்றம் தடுக்கப்படும்" என்ற வரியை நான் எத்தனையோ தாள்களில் அடித்திருக்கிறேன். கார்பனேட் செய்வது நேர் எதிரான வேலை. வெளிவரும் HBr-ஐ அது வாங்கிக்கொள்வதால் எல்லா அமீனும் தனி இணையோடு சுதந்திரமாக இருக்கும். முடங்கிக் கிடந்த பியூட்டைல் அமீன் மீண்டு வருவது நல்லதுதான், தொடக்கப் பொருள் வீணாகாது. ஆனால் ஒரு தொகுதியோடு வினையை நிறுத்தும் வேலை எதுவும் அதில் இல்லை. மேலே சொன்ன 32, 36, 32 கணக்கே காரம் இருக்கும் நிலைக்கானது.

அமீனை மிகையாக எடுப்பது உண்மையிலேயே உதவும். அதே கணக்கில் ஒரு மோல் ஹாலைடுக்கு 5 மோல் அமீன் எடுத்தால், ஹாலைடில் சுமார் 82 சதவீதம் ஈரிணைய அமீனுக்குப் போகும். 10 மோல் எடுத்தால் 90 சதவீதம். ஹாலைடு மூலக்கூறு திரும்பும் பக்கமெல்லாம் தொடக்க அமீனே நிற்பதுதான் காரணம்.

ஆகவே அமீன் மலிவாக இருந்து, மிச்சத்தை எளிதாக மீட்க முடிந்தால் நேரடி வழியும் மரியாதையான வழிதான். அனிலீனும் பென்சைல் குளோரைடும் சேர்த்து N-பென்சைல் அனிலீன் செய்வது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு மோல் குளோரைடுக்கு 4 மோல் அனிலீன், சோடியம் பைகார்பனேட், கொஞ்சம் தண்ணீர், 90 முதல் 95 °C வரை சில மணி நேரம். மிச்ச அனிலீனைக் குறைந்த அழுத்தத்தில் வடித்து எடுத்துவிடலாம், விளைச்சல் 85 சதவீதத்தைத் தொடும். நேரடி வழியைத் தேர்வில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், அம்புக்குறி மேல் "மிகை அமீன்" என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். அந்த வார்த்தை இல்லாத விடை முழுமையாகாது.

அமீன் விலை உயர்ந்ததாகவோ, பல படிகள் கடந்து செய்ததாகவோ இருந்தால் பத்தில் ஒன்பது பங்கை மிகையாகப் போட யாருக்கும் மனம் வராது. அங்கேதான் இமீன் வழி தேவைப்படுகிறது.

## 5. இமீன் வழி ஏன் தானாக நிற்கிறது

ஒடுக்க அமினேற்றம் என்பது இரண்டு தனி வேலைகள். முதலில் C=N பிணைப்பைக் கட்டுவது, பிறகு அதை ஒடுக்குவது.

```
C6H5CHO + C4H9NH2  ⇌  C6H5CH=NC4H9 + H2O
C6H5CH=NC4H9  →  C6H5CH2NHC4H9      (NaBH4, CH3OH, 0 °C)
```

முதல் படியில் அமீனின் தனி இணை கார்பனைல் கார்பனைத் தாக்கி, ஒரே கார்பனில் OH-உம் நைட்ரஜனும் கொண்ட இடைநிலையைத் தருகிறது. அதிலிருந்து நீர் வெளியேறினால் இமீன். நைட்ரஜன் தன் இரண்டு ஹைட்ரஜனையும் இழந்து, ஒரே கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. அதன் தனி இணை sp2 ஆர்பிட்டலில் இறுகி இருப்பதால் காரத்தன்மையும் குறைவு. இந்த நிலையில் அது இன்னொரு ஆல்டிஹைடைத் தேடிப் போகாது.

இரண்டாவது படியில் ஹைட்ரைடு இமீன் கார்பனில் சேர்கிறது, ஈரிணைய அமீன் பிறக்கிறது. அது நல்ல கருக்கவர் பொருள்தான், நேரடி வழியில் பிறந்ததற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. ஆனால் அது பிறக்கும் நேரத்தில் அது தாக்குவதற்கு எதுவும் குடுவையில் இல்லை. ஆல்டிஹைடு முழுதும் முன்பே இமீனாகிவிட்டது. NaBH4 ஹைட்ரைடைத் தருமே தவிர கார்பனைத் தராது.

முழு விடையின் உயிர் இந்த ஒரு கருத்துதான். நேரடி வழியில் விளைபொருளும் ஆல்கைல் தரும் பொருளும் ஒரே நேரத்தில் ஒரே குடுவையில் இருக்கின்றன. இமீன் வழியில் இரண்டும் சந்திப்பதே இல்லை. "இமீன் வழியில் ஈரிணைய அமீன் வினைபுரியாது" என்று எழுதினால் தவறு. வாய்ப்புக் கொடுத்தால் நிச்சயம் வினைபுரியும். ஆல்டிஹைடு மிச்சம் இருந்தால் அதோடு சேர்ந்து இமினியம் அயனியாகி, ஒடுக்கப்பட்டு மூவிணைய அமீனாகும். அந்த வாய்ப்பை வேலையின் வரிசையால் நாம் மூடுகிறோம்.

## 6. அம்புக்குறிகளில் வழக்கமாக நடக்கும் பிழைகள்

ஹைட்ரைடு அம்புக்குறி B–H பிணைப்பிலிருந்து தொடங்க வேண்டும், H எழுத்திலிருந்து அல்ல. நகர்வது பிணைப்பில் உள்ள எலக்ட்ரான் ஜோடி. அதே நேரத்தில் C=N-இன் பை எலக்ட்ரான்கள் நைட்ரஜன் மேல் போக, மெத்தனாலிலிருந்து நைட்ரஜனுக்குப் புரோட்டான் வருகிறது.

நீர் வெளியேறும் படியில் OH நேரடியாக OH⁻ ஆக வெளியேறுவதுபோல் வரையாதீர்கள். முதலில் OH புரோட்டான் பெற வேண்டும், பிறகு நைட்ரஜனின் தனி இணை தள்ள, நீராக வெளியேற வேண்டும்.

அதனால்தான் கொஞ்சம் அமிலம் இமீன் உருவாவதை வேகப்படுத்துகிறது. pH 4 அல்லது 5 அளவில் வேகம் உச்சத்தில் இருக்கும். அதற்கும் கீழே போனால் அமீன் முழுதும் புரோட்டான் ஏறி, தாக்கத் தனி இணையே இல்லாமல் போய்விடும். "அடர் HCl" என்று அம்புக்குறி மேல் எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பென்சால்டிஹைடும் பியூட்டைல் அமீனும் அமிலம் எதுவும் சேர்க்காமலே அறை வெப்பநிலையில் நன்றாகச் சேரும். நம் வினையில் அமிலமே எழுத வேண்டாம்.

## 7. எந்த ஒடுக்கி, எந்தக் கரைப்பான்

ஒடுக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்விதான்: அதைச் சேர்க்கும் நேரத்தில் குடுவையில் ஆல்டிஹைடு இருக்குமா?

இமீனை முழுதாகச் செய்து முடித்த பிறகு ஒடுக்குவதாக இருந்தால் NaBH4 போதும். மலிவானது, மெத்தனாலில் வேலை செய்யும். ஆனால் அது ஆல்டிஹைடையும் விரைவாக ஒடுக்கும் என்பதால் தொடக்கத்திலேயே சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பென்சைல் ஆல்கஹால்தான் கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்றால் மென்மையான ஒடுக்கி வேண்டும். NaBH3CN, pH 6 முதல் 7 வரையில் இமினியம் அயனியை ஒடுக்கும், ஆல்டிஹைடைப் பெரிதாகத் தொடாது. வலுவான அமிலத்தில் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரக்கூடும், எச்சரிக்கை தேவை. NaBH(OAc)3-இல் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதை மெத்தனாலில் போடக் கூடாது, கரைப்பானோடு வினைபுரிந்து சிதைந்துவிடும். டைகுளோரோஈத்தேன் அல்லது டெட்ராஹைட்ரோஃபியூரானில்தான் பயன்படுத்த வேண்டும்.

"மென்மையான ஒடுக்கி என்றால் அதிக ஆல்கைல் ஏற்றமும் நடக்காது" என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையில் அபாயம் இங்கேதான் கூடுகிறது. ஒன்றாகச் சேர்க்கும் முறையில் ஈரிணைய அமீன் பிறக்கும்போது ஆல்டிஹைடு இன்னும் குடுவையில் இருக்கும். சிறிய ஓரிணைய அமீனும் இடநெருக்கடி இல்லாத ஆல்டிஹைடும் சேர்ந்தால் மூவிணைய அமீன் தலைகாட்டும். அதனால் நம் மூலக்கூறுக்கு இமீனை முதலில் முடித்துவிட்டு NaBH4 சேர்க்கும் முறையே பொருத்தம்.

## 8. ஆய்வகத்தில்: 10 மில்லிமோல் அளவில்

பென்சால்டிஹைடு 1.06 கிராம், அதாவது சுமார் 1.0 மி.லி. பியூட்டைல் அமீன் 10.5 மில்லிமோல், 0.77 கிராம், கிட்டத்தட்ட 1.04 மி.லி. மெத்தனால் 20 மி.லி. NaBH4 15 மில்லிமோல், 0.57 கிராம். பியூட்டைல் அமீன் எளிதில் தீப்பற்றும், தோலையும் அரிக்கும். ஃபியூம் ஹுட்டில் வைத்துச் செய்யுங்கள்.

அமீன் 5 சதவீதம் அதிகமாக இருப்பது வேண்டுமென்றே. ஆல்டிஹைடு மிச்சம் இருந்தால் அது மூவிணைய அமீனாகவோ பென்சைல் ஆல்கஹாலாகவோ மாறும். அமீன் மிச்சம் இருந்தால் அதன் கொதிநிலை 78 °C மட்டுமே, கடைசியில் கரைப்பானோடு சேர்ந்து ஆவியாகிவிடும்.

முதலில் ஆல்டிஹைடைப் பாருங்கள். பென்சால்டிஹைடு காற்றில் பட்டுப் பென்சாயிக் அமிலமாகும். பாட்டிலின் வாயில் வெள்ளைப் படிகம் ஒட்டியிருந்தால் அதுதான். இந்த அமிலம் அமீனோடு உப்பாகி, நாம் அளந்து போட்ட அமீனில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிகையாக வைத்த 5 சதவீதம் அங்கேயே போய்விடும். சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவி, உலர்த்தி, முடிந்தால் குறைந்த அழுத்தத்தில் வடித்துப் பயன்படுத்துங்கள்.

இமீன். மெத்தனாலில் அமீனைக் கரைத்து, கலக்கிக்கொண்டே ஆல்டிஹைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கொஞ்சம் சூடு கிளம்பும். அமீனுக்குள் ஆல்டிஹைடு போவதால் ஒவ்வொரு சொட்டும் ஓரிணைய அமீனின் நடுவில்தான் விழுகிறது. அறை வெப்பநிலையில் 2 மணி நேரம் கலக்குங்கள். நீரை உறிஞ்ச மூலக்கூறு சல்லடையோ நீரற்ற மெக்னீசியம் சல்பேட்டோ போடலாம். சமநிலையை இமீன் பக்கம் தள்ள அது உதவும்.

இமீன் முடிந்ததா என்று பாருங்கள். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். டி.எல்.சி. தட்டில் போட்டுப் பார்த்தால் பென்சால்டிஹைடு புள்ளி தெரியும். வினை நடக்கவில்லை என்று எண்ணி இன்னும் ஒரு நாள் கலக்குவார்கள், அல்லது மேலும் அமீன் சேர்ப்பார்கள். சிலிக்காவின் அமிலத்தன்மையாலும் ஈரத்தாலும் இமீன் தட்டின் மேலேயே உடைந்து ஆல்டிஹைடாகத் திரும்புகிறது. தட்டு காட்டுவது குடுவையின் நிலை அல்ல. ஒரு துளியை எடுத்து மெத்தனாலை ஆவியாக்கி, புரோட்டான் என்.எம்.ஆர். எடுங்கள். 10.0 பி.பி.எம்.-இல் இருந்த ஆல்டிஹைடு புரோட்டான் மறைந்து, 8.3 அருகில் இமீன் புரோட்டான் தெரிய வேண்டும். அகச்சிவப்பு நிறமாலை மட்டும்தான் கைவசம் என்றால், 1700 அருகில் உள்ள கார்பனைல் பட்டை போய் 1645 அருகில் C=N பட்டை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

என்.எம்.ஆர். மாதிரியைக் கரைக்கும் குளோரோஃபார்மில் அமிலம் கலந்திருந்தால் அங்கேயும் இமீன் கொஞ்சம் உடையும். பழைய பாட்டிலை நம்பாதீர்கள்.

ஒடுக்கம். குடுவையை ஐஸ் தொட்டியில் 0 °C-க்குக் குளிர்வித்து, NaBH4-ஐச் சிறு சிறு பங்காக 15 அல்லது 20 நிமிடத்தில் சேருங்கள். மெத்தனாலோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு வரும், நுரைக்கும். குடுவையை மூடக் கூடாது, அருகில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஒரு NaBH4 நான்கு ஹைட்ரைடுகளைத் தர முடியும் என்பதால் கணக்குப்படி 2.5 மில்லிமோலே போதும். ஆறு மடங்கு எடுப்பது மெத்தனால் ஒரு பகுதியை வீணாக்குவதை ஈடுகட்டத்தான். சேர்த்து முடித்ததும் அறை வெப்பநிலைக்கு வரவிட்டு ஒரு மணி நேரம் கலக்குங்கள்.

பிரித்தெடுத்தல். சல்லடையோ சல்பேட்டோ போட்டிருந்தால் முதலில் வடிகட்டிவிடுங்கள். 10 மி.லி. தண்ணீர் சேர்த்து, மெத்தனாலை ரோட்டரி எவாபரேட்டரில் எடுத்துவிடுங்கள். மிச்சத்தை ஐஸில் வைத்து, நீர்த்த HCl-ஐ மெதுவாக விட்டு pH 2-க்குக் கொண்டு வாருங்கள். மிச்ச போரோஹைடிரைடு அழியும்போது மறுபடி வாயு கிளம்பும், அவசரப்பட்டால் பொங்கிவிடும். இப்போது ஈதரால் ஒரு முறை கழுவினால் பென்சைல் ஆல்கஹால், மிச்ச ஆல்டிஹைடு போன்ற நடுநிலைப் பொருள்கள் ஈதரோடு போய்விடும். நம் அமீன் உப்பாக நீரில் இருக்கும். உப்பு ஒருவேளை திண்மமாகப் பிரிந்து இடையில் நின்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேருங்கள், கரைந்துவிடும்.

எந்த அடுக்கை வைத்துக்கொள்வது என்பதை இந்த இடத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். பழக்க தோஷத்தில் நீர் அடுக்கைக் கொட்டிவிட்டு வெறும் ஈதரை ஆவியாக்கியவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

நீர் அடுக்கை NaOH கரைசலால் pH 12-க்கு மேல் கொண்டு வந்து, ஈதரால் மூன்று முறை எடுத்து, உலர்த்தி, ஆவியாக்குங்கள். pH 9-இல் நிறுத்தினால் அமீனில் பெரும்பங்கு இன்னும் அம்மோனியமாக நீரிலேயே தங்கிவிடும். முழு விளைச்சல் கிடைத்தால் 1.63 கிராம் நிறமற்ற எண்ணெய் வர வேண்டும்.

## 9. மூவிணைய அமீன் இருக்கிறதா என்று எப்படி அறிவது

கேட்ட பொருளில் பென்சைல் CH2 ஒற்றைச் சிகரமாக 3.78 பி.பி.எம். அருகில் வரும், பரப்பு 2 புரோட்டான். நைட்ரஜனுக்கு மறுபக்கத்து CH2 மும்மைச் சிகரமாக 2.6 அருகில் இருக்கும். டைபென்சைல் பியூட்டைல் அமீன் கலந்திருந்தால் 3.54 அருகில் இன்னொரு ஒற்றைச் சிகரம் எழும், அதற்கு 4 புரோட்டான். 4.7 அருகில் சிகரம் தெரிந்தால் அது பென்சைல் ஆல்கஹால், அமிலக் கழுவலைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள்.

பரப்பைக் கணக்கிடும்போது 4 புரோட்டானை மறக்காதீர்கள். 3.78-இல் பரப்பு 2.0, 3.54-இல் 0.2 என்று வந்தால் மூவிணைய அமீன் 10 சதவீதம் அல்ல. 0.2-ஐ 4-ஆல் வகுத்தால் 0.05, அதாவது 1 மோலுக்கு 0.05 மோல், 5 சதவீதம்.

அந்த 3.54 சிகரம் கணிசமாக வந்தால் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. இமீன் முழுமையாக உருவாகும் முன் NaBH4 போயிருக்கும், அல்லது அமீனின் அளவு குறைந்திருக்கும். பியூட்டைல் அமீன் எளிதில் ஆவியாவதால், தராசில் திறந்த பாத்திரத்தில் அளந்தால் குடுவைக்குப் போகும் முன்பே குறைந்துவிடும். மூடிய சிரிஞ்சில் எடுத்து, சிரிஞ்சின் எடை வேறுபாட்டைக் கணக்கிடுவது நல்லது.

## 10. இமீன் வழி உதவாத இடங்கள்

நைட்ரஜன் மேல் மெத்தில் தொகுதி வேண்டும் என்றால் ஃபார்மால்டிஹைடை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். ஃபார்மால்டிஹைடு மிகச் சிறியது, மிக வேகமானது. ஈரிணைய அமீனையும் உடனே பிடித்துக்கொண்டு N,N-டைமெத்தில் வரை கொண்டு போய்விடும். வெட்டும் பிணைப்பை மாற்றுங்கள். N-மெத்தில் சைக்ளோஹெக்சைல் அமீன் வேண்டுமா, சைக்ளோஹெக்சைல் அமீனும் ஃபார்மால்டிஹைடும் எழுதாமல், சைக்ளோஹெக்சனோனும் மெத்தில் அமீனும் எழுதுங்கள். ஈரிணைய அமீன் இன்னொரு கீட்டோனோடு சேர்வது இடநெருக்கடியால் கடினம் என்பதால் வினை அங்கேயே நிற்கும்.

மூன்றாம் நிலைக் கார்பனை நைட்ரஜனோடு சேர்க்க இமீன் வழியால் முடியாது. ஹைட்ரைடு சேர்ந்த கார்பனில் குறைந்தது ஒரு ஹைட்ரஜன் இருந்தே தீரும், மூன்றாம் நிலைக் கார்பனில் அது இல்லை. நேரடி வழியும் உதவாது, மூன்றாம் நிலை ஹாலைடு அமீனோடு நீக்க வினையில் இறங்கி ஆல்கீனாகும். டெர்ட்-பியூட்டைல் அமீனையே தொடக்க அமீனாக எடுத்து, மறுபக்கத்துத் தொகுதியை ஆல்டிஹைடாக எழுதுங்கள். பென்சீன் வளையம் நைட்ரஜனோடு நேரடியாக இணைந்திருந்தால் அந்தப் பக்கத்தையும் இதேபோல் தொடக்கத்திலேயே அனிலீனாக வைத்துக்கொள்ள வேண்டும்.

NaBH4-ஐத் தாங்காத வேறு ஆல்டிஹைடோ கீட்டோனோ அதே மூலக்கூறில் இருந்தால் அதை முதலில் மறைத்து வைக்க வேண்டும். எஸ்டர் இருந்தால் 0 °C-இல் NaBH4 பெரும்பாலும் அதை விட்டுவிடும். ஆனால் எஸ்டருக்கும் நைட்ரஜனுக்கும் நடுவில் மூன்றோ நான்கோ கார்பன் இருந்தால், புதிதாகப் பிறந்த அமீனே அந்த எஸ்டரைத் தாக்கி வளைய லாக்டமாக மூடிக்கொள்ளும். கேட்ட அமீனின் NH சிகரம் காணாமல் போய், எஸ்டரின் மெத்தாக்சி சிகரமும் சேர்ந்து மறைந்திருந்தால் நடந்தது அதுதான்.